வெல்டு விட்ட டிபன் பாக்ஸ்: சரக்கை மறுத்து எழுதும் கடிதம்

நம் சங்கத்துக் குடும்பங்களில் பலர் சித்தூரிலும் திருப்பதியிலும் சிறு கடை வைத்து வாழ்பவர்கள். பெரும்பாலும் சென்னையிலிருந்து சரக்கு வருகிறது. வந்த சரக்கில் குறை இருந்தால் போனில் சத்தம் போடுகிறோம். இரண்டு நாள் மனத்தாங்கல். பிறகு நஷ்டத்தை நாமே சுமக்கிறோம். அப்படிச் சுமக்காமல் ஒரு கடிதத்தால் எப்படித் தீர்வு காணலாம் என்பதை, என் கண் முன்னால் நடந்த ஒரு விஷயத்தை வைத்துச் சொல்கிறேன். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்து ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வக்கீல் அல்ல. வெல்டிங்கைப் பற்றிச் சொல்வது என் தொழில் அனுபவம். சட்டத்தைப் பற்றிச் சொல்வது படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டது.

சித்தூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒரு தம்பி, என் நண்பரின் மகன். திருப்பதியில் அவருடைய இளையவர் ஒரு கிளைக்கடை பார்த்துக்கொள்கிறார். சென்ற ஆண்டு பள்ளி திறப்பை ஒட்டி, சென்னைப் பட்டறை ஒன்றிலிருந்து 240 எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கினார். ஒன்று 180 ரூபாய். மொத்தம் 43,200 ரூபாய். ஜூன் 3-ஆம் தேதி 10 அட்டைப்பெட்டிகளில் சரக்கு வந்தது, பெட்டிக்கு 24. ஆறு பெட்டி சித்தூரில் வைத்துக்கொண்டு நான்கைத் திருப்பதிக்கு அனுப்பினார். சித்தூரில் முதல் பெட்டியிலிருந்து எட்டு விற்றன.

ஜூன் 12-இல் பள்ளி திறந்தது. 14-ஆம் தேதி இரண்டு தாய்மார்கள் டப்பாவோடு வந்துவிட்டார்கள். மூடியை இறுக்கும் கிளிப்பைத் தாங்குகிற காது கையோடு வந்துவிட்டது. ஒரு பெண் குழந்தையின் புத்தகப்பை முழுக்கச் சாம்பார். கழன்ற காதின் விளிம்பு இன்னொரு பையனின் விரலைக் கீறியிருந்தது. தம்பி அன்றிரவே எனக்குப் போன் செய்தார்.

"சார், லெட்டர் எழுதிட்டேன். நாளைக்கு அனுப்பப் போறேன். ஒரு தடவை படிக்கிறேன், கேளுங்க."

படித்தார். "நீங்கள் எங்களை ஏமாற்றிவிட்டீர்கள். சரக்கு முழுவதும் மட்டம். காந்தம் ஒட்டுகிறது, எனவே இது போலி ஸ்டீல். உடனே பணத்தைத் திருப்பவும், இல்லையேல் கோர்ட்டில் சந்திப்போம்" என்று இருந்தது.

"தம்பி, இதை அனுப்பாதே. முதலில் இரண்டு கடையிலும் விற்பனையை நிறுத்து. நான் திருப்பதிக் கடையிலிருந்து பெட்டிக்கு ஒன்றாக நாலு டப்பா எடுத்துக்கொண்டு நாளைக் காலை வருகிறேன்" என்றேன். பாகாலா வழியாகப் போகும் ரயிலில் மறுநாள் சித்தூர் போய்ச் சேர்ந்தேன்.

எதைச் சோதிப்பது, எப்படி?

டிபன் பாக்ஸின் உடல் ஒரே தகட்டை அழுத்தி வார்த்தெடுத்தது. அதில் ஒட்டு கிடையாது. ஒட்டு இருப்பது பக்கவாட்டில் உள்ள இரண்டு காதுகளில்தான். ஒவ்வொரு காதும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு புள்ளிகளில் ஸ்பாட் வெல்டிங் செய்யப்பட்டிருக்கிறது. இரண்டு தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இரு பக்கமும் செம்புக் கம்பிமுனையால் அழுத்தி, கண் இமைக்கும் நேரம் பெரிய மின்னோட்டத்தைச் செலுத்துவார்கள். தகடுகள் தொடும் இடம் மட்டும் உருகி ஒன்றாகிக் கெட்டியாகும். உள்ளே உருவாகும் இந்தச் சிறு வில்லைதான் வெல்டு. வெளியே நாம் பார்க்கும் வட்டமான பள்ளம், முனை அழுத்திய தடம் மட்டுமே.

இதனால்தான் கண்ணால் பார்த்து இந்தக் குறையைக் கண்டுபிடிக்க முடியாது. உள்ளே தகடு உருகாமல் சூட்டில் ஒட்டிக்கொண்டாலும் வெளித்தடம் ஒரே மாதிரிதான் இருக்கும். பாலீஷ் போட்டபின் சூட்டு நிறமும் போய்விடும். கையால் இழுத்துப் பார்த்தால் புது டப்பாவில் உருகாத ஒட்டுகூடத் தாங்கும். கிளிப்பை இருபது முப்பது முறை இழுத்து மூடிய பிறகுதான் விட்டுக்கொடுக்கும். ஆகவே கடையில் நல்லதாக இருந்தது குழந்தையின் பையில் கழன்றதில் வியப்பில்லை.

பட்டறைகளில் செய்யும் சோதனை எளியது. மெல்லிய உளியைக் காதின் ஓரத்தில் செருகிச் சற்றுத் தூக்கி, மூக்குக் குறடால் அந்த ஓரத்தைப் பிடித்துப் பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டிக்கொண்டே வரவேண்டும். கைக்குக் கட்டாயம் உறை வேண்டும். நல்ல வெல்டு என்றால் வெல்டு விடாது. அதைச் சுற்றியுள்ள தகடு கிழியும். ஒரு தகட்டில் பொத்தான் போன்ற உலோகத் துண்டு நிற்கும், மற்றதில் அந்த அளவுக்கு ஓட்டை விழும். கெட்ட வெல்டு என்றால் காது சுத்தமாகப் பெயர்ந்து வரும். ஓட்டையும் இராது, பொத்தானும் இராது, மங்கலான ஒரு வட்டக் கறை மட்டும் தெரியும்.

பொத்தான் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்பதற்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. தகட்டின் தடிப்பை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை நான்கால் பெருக்கினால் குறைந்தபட்ச விட்டம் கிடைக்கும். இந்த டப்பாவின் தகடு அரை மில்லிமீட்டர். அதற்குச் சுமார் 2.8 மில்லிமீட்டர் பொத்தான் வேண்டும். பள்ளிக்கூட ஸ்கேலால் அளந்தாலே போதும்.

நாங்கள் கண்டது

பத்துப் பெட்டிக்கும் ஒன்று வீதம் பத்து டப்பா. அதாவது 20 காது, 40 புள்ளி. ஒரே பெட்டியிலிருந்து பத்தும் எடுத்திருந்தால், "அந்த ஒரு பெட்டிதான் மோசம்" என்று பதில் வந்துவிடும். தம்பி பேப்பரில் கோடு போட்டுப் பெட்டி எண், டப்பா, காது, புள்ளி என்று எழுத, நான் உரித்துக்கொண்டே வந்தேன்.

முடிவு இது. 40 புள்ளிகளில் 27 பொத்தானோடு வந்தன. அளவும் சரியாக இருந்தது. 13 சுத்தமாகப் பெயர்ந்தன. நான்கு காதுகளில் இரண்டு புள்ளியுமே விட்டுவிட்டன. ஐந்து காதுகளில் ஒரு புள்ளி மட்டும் விட்டது, ஐந்திலும் அது கீழ்ப்புள்ளியே. பத்து டப்பாவில் ஏழில் ஏதோ ஒரு குறை இருந்தது. சித்தூர்ப் பெட்டி, திருப்பதிப் பெட்டி என்ற வித்தியாசமும் இல்லை.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. முதலாவது, நல்லதையும் கெட்டதையும் பிரித்தெடுக்க வழியில்லை. உரித்துப் பார்த்தால்தான் தெரியும். உரித்த டப்பா விற்பனைக்கு உதவாது. ஆகவே "கெட்டதை மட்டும் திருப்பி அனுப்புங்கள்" என்று பட்டறைக்காரர் சொன்னால் அது நடவாத காரியம். முழுச் சரக்கையும் மறுப்பதற்கான நியாயம் இதுதான், இதைக் கடிதத்தில் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது, குறை எங்கிருந்து வந்திருக்கும் என்பதற்கு ஓர் ஊகம். செம்பு முனை நாள் முழுக்க அடித்து அடித்துக் காளான் போல விரிந்துவிடும். 4 மில்லிமீட்டர் முனை 6 மில்லிமீட்டராக விரிந்தால் பரப்பு இரண்டேகால் மடங்காகிறது. மின்னோட்டம் அதேதான், ஆனால் அது பரவிப் போவதால் ஒரே இடத்தில் விழும் வேகம் பாதிக்கும் கீழே போய்விடும், தகடு உருகாது. அவ்வப்போது முனையை அரம் போட்டுச் சரிசெய்ய வேண்டும். அதோடு, முதல் புள்ளி போட்டபின் பக்கத்திலேயே இரண்டாவதைப் போடும்போது மின்சாரத்தில் ஒரு பங்கு முதல் புள்ளி வழியாகவே ஓடிவிடும். ஏற்கெனவே சூடு குறைவு என்றால் இரண்டாவது புள்ளிதான் முதலில் கெடும். கீழ்ப்புள்ளிகள் விட்டதற்கு அது காரணமாக இருக்கலாம்.

ஆனால் இந்த ஊகம் எதையும் கடிதத்தில் எழுதவேண்டாம் என்றேன். நாம் அவர் பட்டறையைப் பார்க்கவில்லை. காரணம் கண்டுபிடிப்பது அவர் வேலை. குறையைக் காட்டுவது நம் வேலை. காரணத்தைத் தப்பாகச் சொன்னால், "எங்கள் முனை புதியது" என்று அதை மட்டும் பிடித்துக்கொண்டு பதில் எழுதுவார்.

காந்தத்தை அடித்ததும் இதற்காகவே. நிக்கல் சேர்த்த எவர்சில்வர்கூட ஆழமாக அழுத்தி வார்க்கும்போது மூலைகளில் கொஞ்சம் காந்தத்தை இழுக்கும். நிக்கல் இல்லாத குரோமியம் வகை முழுக்கவே இழுக்கும். அதுவும் துருப்பிடிக்காத எஃகுதான். காந்தம் ஒட்டியது என்பதால் போலி என்று எழுதுவது தப்பு. ஒரு தப்பான குற்றச்சாட்டு இருந்தால் சரியான பத்தும் எடுபடாது.

சட்டம் எங்கே வருகிறது?

இங்கே மூன்று விஷயம் போதும். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இன்றும் இதற்குப் பொருந்துகிறது. பார்க்காமல் வாங்கிய சரக்கை, ஒப்பந்தப்படி இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்பு கிடைக்கும் வரை, ஏற்றுக்கொண்டதாகக் கருத முடியாது என்கிறது 41-ஆம் பிரிவு. ஆனால் 42-ஆம் பிரிவின்படி, மறுக்கிறேன் என்று தெரிவிக்காமல் நியாயமான காலம் கடந்தும் வைத்துக்கொண்டாலும், நம்முடைய சொந்தப் பொருள் போல நடத்தினாலும், ஏற்றுக்கொண்டதாகிவிடும். விற்பது அப்படிப்பட்ட காரியம். பிரிக்க முடியாத ஒரே ஒப்பந்தத்தில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டாலே, மீதியை மறுக்கும் உரிமை போய், குறைக்கு ஈடு கேட்கும் உரிமை மட்டும் மிஞ்சும் என்று 13-ஆம் பிரிவு சொல்கிறது.

தம்பியின் பலவீனம் இங்கேதான். குறை தெரியாமல் விற்ற அந்த எட்டு டப்பாவை எதிர்க்கட்சி பிடித்துக்கொள்ளும். "அதை எழுதாமல் விட்டுடலாமா சார்?" என்று கேட்டார். கூடாது என்றேன். கணக்கில் 240 வந்தது, 232 தான் திரும்புகிறது என்றால் தானாகவே தெரியப் போகிறது. நாமே சொல்லிவிட்டு, திருப்பி எடுக்க மறுத்தால் ஈட்டை விலையில் கழித்துக்கொள்வோம் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வது நல்லது. 59-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது.

இரண்டாவது, 43-ஆம் பிரிவு. மறுத்த சரக்கை நம் செலவில் திருப்பி அனுப்பவேண்டிய கடமை நமக்கு இல்லை, வேறு பேச்சு இல்லாவிட்டால். மறுக்கிறேன் என்று தெரிவித்தாலே போதும். எனவே கோபத்தில் லாரியில் ஏற்றி அனுப்பிவிடாதீர்கள்; வழியில் நசுங்கினால் அதுவே புது வழக்காகும்.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு செய்த சிறு பட்டறைக்கு நாம் தரவேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளுக்குள் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக ஏறும். ஆனால் சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்தால், அந்தக் குறையைப் பட்டறை நிவர்த்தி செய்யும் நாளிலிருந்துதான் கணக்கு தொடங்கும். போனில் சொன்னது இதற்கு உதவாது. சரக்கு வந்தது ஜூன் 3. நாங்கள் உட்கார்ந்தது ஜூன் 15. கையில் மூன்று நாள் இருந்தது.

கடிதம்

ரயில்வேயில் சரக்கை நிராகரிக்கும்போது ஒரு மெமோ எழுதுவோம். அதில் கோபம் இராது, அடைமொழி இராது. என்ன வந்தது, எத்தனை பார்த்தோம், எப்படிப் பார்த்தோம், என்ன கண்டோம், பொருள் எங்கே இருக்கிறது, எப்போது எடுத்துப் போகவேண்டும். அவ்வளவுதான். அதே வரிசையில் தம்பி எழுதியது இது.

*சித்தூர், ஜூன் 16.*

*அன்புடையீர், வணக்கம்.*

*பொருள்: எவர்சில்வர் டிபன் பாக்ஸ் 240, காது வெல்டிங் குறைபாட்டினால் சரக்கை மறுத்தல்.*

*தங்கள் பில்லின்படி மேற்படி சரக்கு 10 பெட்டிகளில் ஜூன் 3-ஆம் தேதி எங்களுக்கு வந்து சேர்ந்தது. குறை தெரியுமுன் 8 டப்பாக்கள் விற்றன. அவற்றில் இரண்டு, காது கழன்று ஜூன் 14-இல் திரும்பி வந்தன. அன்றே விற்பனையை நிறுத்திவிட்டோம்.*

*ஜூன் 15-இல் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு டப்பா எடுத்து, காதுகளை உளியாலும் குறடாலும் உரித்துச் சோதித்தோம். 40 வெல்டுப் புள்ளிகளில் 13, தகடு கிழியாமல் சுத்தமாகப் பெயர்ந்தன. 10 டப்பாக்களில் 7-இல் இக்குறை உள்ளது. பெட்டிவாரிப் பட்டியலும் போட்டோக்களும் இணைத்துள்ளோம்.*

*உரிக்காமல் நல்லதைப் பிரித்தெடுக்க வழி இல்லாததால் சரக்கு முழுவதையும் ஏற்க மறுக்கிறோம். பயன்படுத்தாத 222 டப்பாக்களில் 130 சித்தூர்க் கடையிலும் 92 திருப்பதிக் கடையிலும் தங்கள் பொறுப்பில் பத்திரமாக உள்ளன. உரித்த 10-ம் திரும்பி வந்த 2-ம் தாங்கள் பார்வையிட வைத்திருக்கிறோம்.*

*ஜூன் 25-ஆம் தேதிக்குள் தங்கள் செலவில் சரக்கை எடுத்துக்கொண்டு, சரியான வெல்டு உள்ள டப்பாக்களை மாற்றித் தர வேண்டுகிறோம். இயலாவிடில் கிரெடிட் நோட் அனுப்பிப் பில்லை ரத்து செய்யவும். அதுவரை பில் தொகையை நிறுத்தி வைத்திருக்கிறோம். இரண்டுக்கும் தாங்கள் உடன்படாவிட்டால், குறைபாட்டினால் உண்டான நஷ்டத்தை விலையில் கழித்துக்கொள்ளும் உரிமை எங்களுக்கு உண்டு என்பதையும் தெரிவித்துக்கொள்கிறோம்.*

*விற்ற எட்டில் மீதி ஆறு டப்பாவும் குழந்தைகள் கையில் உள்ளவை. அவற்றை நாங்கள் திரும்பப் பெற்று வருகிறோம்.*

*தங்கள் அன்புள்ள.*

கடிதம் ஸ்பீட் போஸ்டில் போயிற்று. ரசீதைப் பில்லோடு சேர்த்துக் குத்தி வைத்தார். அதன் படத்தையும் உரித்த காதுகளின் போட்டோக்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். தம்பி விடைபெறும் முன் ஒன்று கேட்டார்: "ஏமாத்திட்டீங்கன்னு ஒரு வரிகூட வேண்டாமா சார்?" அவர் ஏமாற்றினாரா, கவனிக்கவில்லையா என்பது நமக்குத் தெரியாது. 13 புள்ளி விட்டது தெரியும்.

நடந்தது

நான்காம் நாள் பட்டறை முதலாளியே வந்தார். முதலில், "எட்டு வித்துட்டீங்களே ஐயா, அப்புறம் எப்படி மறுக்கறது?" என்றுதான் தொடங்கினார். தம்பி பதில் பேசவில்லை. உரித்த பத்து டப்பாவையும் பட்டியலையும் முன்னால் வைத்தார். முதலாளி பெட்டியிலிருந்து தாமே ஒன்றை எடுத்து, குறடு கேட்டு வாங்கி, ஒரு காதை உரித்தார். கீழ்ப்புள்ளி சுத்தமாக வந்தது. அதற்குப் பிறகு எட்டைப் பற்றிப் பேச்சு எழவில்லை. அவசர ஆர்டரில் இரண்டு நாள் முனைக்கு அரம் போடாமலேயே ஓட்டிவிட்டார்கள் என்று பின்னால் போனில் சொன்னார்.

ஜூன் 24-இல் இரண்டு கடைகளிலிருந்தும் சரக்கு போயிற்று. உரித்த பத்துக்கும் சேர்த்து 232 புது டப்பா வந்தது. இந்த முறை அலமாரியில் வைக்குமுன் தம்பி பெட்டிக்கு ஒன்றை எடுத்து உரித்துப் பார்த்தார். எல்லாமே பொத்தானோடு வந்தன. பத்து டப்பா போவதாலே 1,800 ரூபாய் நஷ்டம்தான். 43,200 ரூபாய்ச் சரக்குக்கு அது அதிகமில்லை என்பது அவர் கணக்கு. பெரிய ஆர்டர் என்றால் சோதனைக்கான டப்பாக்களைப் பட்டறையே தரவேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். அடுத்த ஆர்டரில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்.

விற்ற எட்டில், திரும்பி வந்த இரண்டு போக, கடை வாசலில் எழுதிவைத்ததைப் பார்த்து இன்னும் மூன்று வந்தன. ஐவருக்கும் பணத்தைக் கொடுத்துவிட்டார். அந்தப் பணம் அவர் கையை விட்டுத்தான் போயிற்று. எட்டு டப்பாவுக்கும் பில்லில் விலை நின்றது. மீதி மூன்று டப்பா யாரிடம் இருக்கிறதோ தெரியவில்லை. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் கடை வாசலில் குழந்தைகள் போனால், தம்பியின் கண் இன்னும் அவர்கள் கையில் இருக்கும் டப்பாவின் மேலேயே போகிறது.